தலைக்கு முதலில் சிடி ஏன், எம்ஆர்ஐ எப்போது? பக்கவாத அவசரத்தில் எழும் கேள்விகள்

அப்பாவுக்குத் திடீரென்று வலது கை, கால் வரவில்லை. எம்ஆர்ஐதான் தெளிவாகக் காட்டும் என்கிறார்களே, ஏன் சிடிக்குக் கொண்டுபோனார்கள்?

அந்த நேரத்தில் மருத்துவருக்குத் தெரிய வேண்டியது ஒரே விஷயம்: மண்டைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறதா, இல்லையா. மூளையில் எந்த இடம் எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் அதற்கு அடுத்த கேள்விகள்.

பக்கவாதம் இரண்டு வழிகளில் வரும். ஒன்று, ரத்தக்குழாய் அடைபட்டு அதற்கு அப்பால் உள்ள மூளைக்கு ரத்தம் போகாமல் நிற்பது. மற்றது, குழாய் வெடித்து ரத்தம் மூளைக்குள் கசிவது. வெளியே இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்: கை தொங்கும், வாய் கோணும், பேச்சு குழறும். வைத்தியமோ நேர் எதிர். அடைப்பு என்றால் உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் மருந்தை நரம்பில் ஏற்ற வேண்டும். கசிவு என்றால் அதே மருந்து ஆளைக் கொன்றுவிடக்கூடும். அங்கே ரத்த அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், ரத்தம் உறையாமலிருக்க ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை இருந்தால் அதன் வேலையை முறிக்க வேண்டும், மூளை அறுவை மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

கசிந்த ரத்தம் உண்டா என்பதைச் சிடி சில நொடிகளில் எடுத்த படத்திலேயே சொல்லிவிடும். அதனால்தான் முதல் படம் சிடி. எம்ஆர்ஐ நுட்பமான படம் தருகிறது என்பது உண்மை. ஆனால் அந்த நுட்பம் தேவைப்படும் கேள்வி இன்னும் வரவில்லை.

அனுபவமுள்ள மருத்துவர் நோயாளியைப் பார்த்தே கசிவா அடைப்பா என்று சொல்ல முடியாதா?

ஊகிக்கலாம். கடுமையான தலைவலி, வாந்தி, வேகமாகக் கூடும் மயக்கம், மிக உயர்ந்த ரத்த அழுத்தம் எல்லாம் சேர்ந்து வந்தால் கசிவாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் சிறிய கசிவு தலைவலியே இல்லாமல் வரும். பெரிய அடைப்பிலும் வாந்தியும் மயக்கமும் வரும். ஊகம் பத்தில் ஓரிரு முறை தவறினாலும் அந்த ஓரிருவர் உயிரோடு விளையாடியதாகிவிடும். அதனால் எவ்வளவு அனுபவம் இருந்தாலும் படம் பார்க்காமல் கரைக்கும் மருந்தை யாரும் தொடமாட்டார்கள்.

சிடி வருவதற்கு முன்பு இதற்கு நல்ல வழியே இல்லை. முதுகுத் தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்ப்பார்கள், அல்லது கழுத்து ரத்தக்குழாயில் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். இரண்டும் மறைமுகமான வழிகள், ஆபத்தும் உண்டு. 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் ஒரு நோயாளியின் தலையை முதல்முறையாகச் சிடியில் படம் எடுத்தார்கள். கருவியை உருவாக்கியவர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற பொறியாளர். 1979இல் ஆலன் கார்மாக்குடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த முதல் கருவிக்கு ஓர் அடுக்கை எடுக்கவே சில நிமிடங்கள் ஆனது. இன்று முழுத் தலையும் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது.

சிடியில் ரத்தம் வெள்ளையாகத் தெரியும் என்கிறார்கள். ஏன் வெள்ளை?

சிடி என்பது தலையைச் சுற்றிச் சுழலும் எக்ஸ்ரே. ஒவ்வொரு புள்ளியும் எக்ஸ்ரேயை எவ்வளவு தடுக்கிறது என்று கணக்கிட்டு அதற்கு ஓர் எண் கொடுக்கும். அந்த எண்ணுக்கு ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரையே அலகாக வைத்திருக்கிறார்கள். தண்ணீருக்கு 0, காற்றுக்குக் கழித்தல் 1000, கெட்டியான எலும்புக்கு ஆயிரத்தை ஒட்டியோ அதற்கு மேலோ. மூளைத் திசு முழுவதும் ஏறக்குறைய 25க்கும் 40க்கும் நடுவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறது.

புதிதாகக் கசிந்து உறைந்த ரத்தம் 60 முதல் 80 வரை போகும். ரத்தம் உறையும்போது அதிலுள்ள நீர்ப்பகுதி பிழியப்பட்டு வெளியேறுகிறது, சிவப்பணுக்களும் அவற்றின் புரதமும் நெருக்கமாக மிஞ்சுகின்றன. அந்த அடர்த்திதான் எக்ஸ்ரேயைத் தடுக்கிறது. திரையில் 0 முதல் 80 வரையிலான எண்களை மட்டும் கறுப்பிலிருந்து வெள்ளை வரை விரித்துக் காட்டும்படி வைப்பார்கள். அப்போது மூளை சாம்பல் நிறமாகவும், கசிந்த ரத்தம் அதன் நடுவே சுண்ணாம்பு தடவியது போலவும் நிற்கும். பயிற்சி மருத்துவர்கூட வாசலில் நின்றே பார்த்துச் சொல்லிவிடலாம். அவசரத்தில் இந்த எளிமைக்கு மதிப்பு அதிகம். நள்ளிரவில் படத்தைப் படிக்க நிபுணர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எம்ஆர்ஐயும் ரத்தத்தைக் காட்டும்தானே? கூடுதலாகப் பத்து இருபது நிமிடம் ஆனால் என்ன?

காட்டும். சரியான வகைப் படத்தை எடுத்தால் புதிய ரத்தக்கசிவை எம்ஆர்ஐயும் நன்றாகவே பிடிக்கும். எம்ஆர்ஐக்கு ரத்தம் தெரியாது என்று சிலர் சொல்வது தவறு. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

நேரத்தை முதலில் பார்ப்போம். வழக்கமான மூளை எம்ஆர்ஐ 20 முதல் 40 நிமிடம். பக்கவாதத்துக்கென்று சுருக்கிய வரிசையைப் பத்து நிமிடத்துக்குள் முடிக்கும் இடங்களும் உண்டு. ஆனால் அது எம்ஆர்ஐ கருவியின் பெரிய காந்தத்துக்குள் படுத்த பிறகான கணக்கு. அதற்கு முன்னால் இருக்கும் வேலைதான் நேரத்தைத் தின்னும். பெரிய குழாய் ஒன்று அடைபட்டிருந்தால் ஒவ்வொரு நிமிடமும் ஏறக்குறைய 19 லட்சம் நரம்பு செல்கள் அழிகின்றன என்று 2006இல் வெளியான ஒரு கணக்கீடு சொல்கிறது. பத்து இருபது நிமிடம் என்று நாம் சாதாரணமாகச் சொல்வதை அந்தக் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது காந்தம். 1.5 டெஸ்லா கருவி பூமியின் காந்தப்புலத்தைவிடச் சுமார் 30,000 மடங்கு வலுவானது. படம் எடுக்காதபோதும் அது அணைவதில்லை. பேஸ்மேக்கர், மூளை ரத்தக்குழாயில் முன்பு போட்ட கிளிப், கண்ணுக்குள் தங்கிய இரும்புத் துகள் என்று எது இருந்தாலும் முன்கூட்டியே தெரிய வேண்டும். அதற்காக ஒரு கேள்விப் பட்டியல் வைத்திருப்பார்கள். பேச்சு போய்விட்ட நோயாளி அதற்கு எப்படிப் பதில் சொல்வார்? கூட வந்தவருக்கும் தெரியாவிட்டால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாமா, பழைய தழும்பு இருக்கிறதா என்று தேடுவதிலேயே நேரம் போகும்.

அப்புறம் நோயாளி. வாந்தி எடுப்பவர், குழம்பிப்போய் எழ முயல்பவர், மூச்சுத் திணறுபவர் யாரும் குறுகிய குழாய்க்குள் அசையாமல் படுத்திருக்கமாட்டார். எம்ஆர்ஐயில் ஒவ்வொரு வகைப் படத்துக்கும் ஒரு நிமிடம் முதல் நான்கைந்து நிமிடம் வரை ஆகும். நடுவில் தலையை ஆட்டினால் அந்தத் தொகுப்பு முழுவதும் கலங்கிவிடும். சிடியில் ஓர் அசைவு சில அடுக்குகளைத்தான் கெடுக்கும், உடனே திரும்ப எடுத்துவிடலாம். உள்ளே இருக்கும்போது மூச்சு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்றும் யோசித்துப் பாருங்கள். சாதாரண ஆக்சிஜன் சிலிண்டரை அந்த அறைக்குள் கொண்டுபோனால் காந்தம் அதை எறிகணைபோல் இழுத்துக்கொள்ளும். முதலில் நோயாளியை அறைக்கு வெளியே இழுத்து வந்துதான் முழுமையான முதலுதவியைத் தொடங்க முடியும். சிடி மேசையில் செவிலி பக்கத்திலேயே நிற்கலாம், ஆக்சிஜனும் கண்காணிப்புக் கருவியும் கூடவே இருக்கலாம். இந்த வித்தியாசத்துக்காகவே, நோயாளியின் நிலை சற்று ஆட்டம் கண்டாலும் நான் எம்ஆர்ஐ பக்கம் போகமாட்டேன்.

மருத்துவமனைக்குள் போனதிலிருந்து என்ன நடக்கிறது என்று ஒரு நோயாளியை வைத்துச் சொல்ல முடியுமா?

பலரிடம் பார்த்ததை ஒருவரில் சேர்த்துச் சொல்கிறேன். 64 வயதுப் பெண்மணி, எடை 60 கிலோ. காலை 8.50க்கு மகளோடு நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். 9.10க்கு மகள் திரும்பி வந்தபோது வலது கை தொங்கிவிட்டது, பேச்சு வரவில்லை. கரைக்கும் மருந்துக்கான கடிகாரம் தொடங்குவது 9.10இல் இல்லை, 8.50இல். நன்றாக இருந்ததைக் கடைசியாகப் பார்த்த நேரமே கணக்கு.

10 மணிக்கு வாசலுக்கு வருகிறார். முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார்கள். சர்க்கரை மிகவும் இறங்கினாலும் இதே மாதிரி ஒரு பக்கம் விழும், குளுக்கோஸ் ஏற்றினால் சரியாகிவிடும். இவருக்கு 132, அதனால் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. கையில் ஊசி போட்டு, படுக்கையிலிருந்தே நேராகச் சிடிக்குக் கொண்டுபோகிறார்கள். 10.14க்கு மேசையில். 10.17க்குச் சாயம் இல்லாத படம் திரையில் வந்துவிட்டது. வெள்ளையாக எதுவும் இல்லை, கசிவு இல்லை.

இடது பக்கத்தில் ஒரே ஒரு கோடு மட்டும் வழக்கத்தைவிடச் சற்று வெண்மையாக இருக்கிறது. மூளையின் பக்கவாட்டுப் பகுதிக்குப் போகும் பெரிய தமனிக்குள் உறைந்து நிற்கும் ரத்தமே அது. இதைக் காணும்போது மனம் உடனே அடுத்த படத்துக்குத் தாவும். அதே மேசையில், கையில் சாயம் செலுத்தி, நெஞ்சிலிருந்து உச்சந்தலைவரை ரத்தக்குழாய்களைப் படம் எடுக்கிறார்கள். இதற்கும் சில நொடிகள்தான். 10.22க்கு விடை வருகிறது: அந்தத் தமனி தொடக்கத்திலேயே அடைபட்டிருக்கிறது.

இதற்கிடையில் ரத்த அழுத்தம் 196/104. கரைக்கும் மருந்து கொடுக்க 185/110க்குக் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்தே கசிவை உண்டாக்கலாம். அழுத்தத்தைக் குறைக்கும் ஊசி போட்டதும் 178/96க்கு வருகிறது. அல்டெப்ளேஸ் என்ற கரைக்கும் மருந்து, எடையில் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், ஆக 54 மில்லிகிராம். அதில் பத்தில் ஒரு பங்கு, 5.4 மில்லிகிராம், 10.29க்கு ஒரே தடவையாக நரம்பில் போகிறது. மீதி 48.6 ஒரு மணி நேரத்தில் மெல்ல ஏறும். டெனெக்டெப்ளேஸ் என்ற மருந்தை ஒரே ஊசியாகப் போடும் இடங்களும் இப்போது உண்டு.

பெரிய குழாய் அடைப்பு என்பதால் மருந்தோடு நிறுத்துவதில்லை. தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாயை மூளைவரை செலுத்தி உறைந்த ரத்தத்தை இழுத்து எடுக்கும் குழு அதற்குள் தயாராகியிருக்கும். வாசலிலிருந்து மருந்துவரை 29 நிமிடம். அதில் படத்துக்குச் செலவானது பத்து நிமிடத்துக்கும் குறைவு.

10.17க்கு வந்த படத்தில் இடது பக்க ஆழத்தில் ஒரு வெள்ளைத் திட்டு இருந்திருந்தால், அல்டெப்ளேஸ் குப்பி உடைக்கப்பட்டிருக்காது. அதே பெண்மணி, அதே தொங்கிய கை, ஆனால் வேறு மருந்து, வேறு குழு. அந்தப் படம் செய்த வேலை அதுதான்.

சிடி நார்மல் என்று எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் பக்கவாதம் என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. அடைப்பினால் வந்த பக்கவாதத்தில் முதல் சில மணி நேரம் சிடி நார்மலாக இருப்பதுதான் வழக்கம். நார்மல் என்றால் கசிவு இல்லை என்று மட்டும் பொருள். பக்கவாதம் இல்லை என்று பொருள் அல்ல.

இதன் காரணம் எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ரத்தம் நின்றதும் மூளை செல்களுக்குச் சக்தி தீர்ந்துபோகிறது. உப்பை வெளியே தள்ளும் பம்புகள் நின்றுவிடுகின்றன. உப்பு உள்ளே வருகிறது, அதைத் தொடர்ந்து தண்ணீரும் வருகிறது, செல் வீங்குகிறது. ஆனால் இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? செல்லுக்கு வெளியே பக்கத்திலேயே இருந்த தண்ணீர்தான். அந்த இடத்தின் மொத்தத் தண்ணீர் அளவு இன்னும் மாறவில்லை. சிடி பார்ப்பது மொத்த அடர்த்தியை. மொத்தம் மாறாதவரை அதற்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

ரத்தத்திலிருந்து கூடுதல் தண்ணீர் திசுவுக்குள் ஊறத் தொடங்கிய பிறகே எண் இறங்கும். திசுவின் தண்ணீர் ஒரு சதவீதம் கூடினால் ஹவுன்ஸ்ஃபீல்ட் எண் இரண்டு மூன்று குறையும். முதல் இரண்டு மணி நேரத்தில் இது மிகச் சிறிய மாற்றம். சாம்பல் பகுதிக்கும் வெண்பகுதிக்கும் நடுவில் உள்ள எல்லைக்கோடு மங்குவது, மடிப்புகள் லேசாகத் தட்டையாவது என்று பழகிய கண்ணுக்கு மட்டும் தெரியும் தடயங்கள் இருக்கும். மறுநாள் எடுத்தால் அதே இடம் கறுத்துப்போய் யார் பார்த்தாலும் தெரியும்.

எம்ஆர்ஐ மட்டும் எப்படி அதை உடனே கண்டுபிடிக்கிறது?

எம்ஆர்ஐயில் டிஃப்யூஷன் என்றொரு வகைப் படம் உண்டு. அது தண்ணீரின் அளவைப் பார்ப்பதில்லை, தண்ணீர் மூலக்கூறுகள் எவ்வளவு சுதந்திரமாக நகர்கின்றன என்று பார்க்கிறது. செல்லுக்கு வெளியே தாராளமாக நகர்ந்த தண்ணீர் வீங்கிய செல்லுக்குள் போய் அடைபட்டதும் அதன் நகர்வு குறைந்துவிடுகிறது. நகர்வு குறைந்த இடம் படத்தில் பளிச்சென்று ஒளிரும். மேலே சொன்ன அதே மாற்றம், சிடிக்குத் தெரியாமல் போனது, இங்கே சில நிமிடங்களிலேயே தெரிகிறது.

2007இல் வெளியான ஓர் ஆய்வில் பக்கவாதச் சந்தேகத்தோடு வந்த 356 பேருக்கு இரண்டு படங்களையும் எடுத்து ஒப்பிட்டார்கள். உண்மையில் புதிய பக்கவாதம் இருந்தவர்களில் 83 சதவீதம் பேரிடம் எம்ஆர்ஐ அதைக் கண்டுபிடித்தது, சிடி 26 சதவீதம் பேரிடம்தான். ரத்தக்கசிவைக் கண்டுபிடிப்பதில் மட்டும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தன.

அப்படியானால் சிடி தோற்றுவிட்டதா என்று கேட்டால், அவசரக் கேள்விக்கு அது தோற்கவில்லை. கரைக்கும் மருந்து கொடுக்க, இறந்துகொண்டிருக்கும் திசு படத்தில் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. திடீரென்று வந்த பலவீனம், சர்க்கரை சரி, கசிவு இல்லை, நன்றாக இருந்ததைக் கடைசியாகப் பார்த்து இன்னும் 4.5 மணி நேரம் ஆகவில்லை, மருந்தைத் தடுக்கும் வேறு காரணமும் இல்லை. இவை போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிஃப்யூஷன் படமும் சில சமயம் தவறவிடும். முக்கியமாக மூளைத்தண்டில் வரும் சின்னப் பக்கவாதம் முதல் நாளில் அதில்கூடத் தெரியாமல் போகலாம். அறிகுறி தெளிவாக இருந்தால் படம் சுத்தமாக இருக்கிறது என்பதற்காக நோயாளியை வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

எம்ஆர்ஐயையே முதலில் எடுப்பது எப்போது?

தூங்கி எழும்போதே கை விழுந்திருப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்கு நன்றாக இருந்தார், காலை ஆறு மணிக்கு இப்படி. கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை வைத்துப் பார்த்தால் எட்டு மணி நேரம் ஓடிவிட்டது, மருந்துக்கான 4.5 மணி கடந்துவிட்டது. ஆனால் உண்மையில் அடைப்பு வந்தது அதிகாலை ஐந்தரைக்காகவும் இருக்கலாம். யாரும் விழித்திருந்து பார்க்கவில்லை.

எம்ஆர்ஐ இங்கே கடிகாரமாகிறது. டிஃப்யூஷன் படத்தில் பாதிப்பு சில நிமிடங்களில் தெரியும். ஃபிளேர் என்ற இன்னொரு படத்தில் அதே இடம் ஒளிர நாலைந்து மணி நேரம் ஆகும். முதலாவதில் தெரிகிறது, இரண்டாவதில் தெரியவில்லை என்றால் நடந்து அதிக நேரம் ஆகவில்லை என்று கொள்ளலாம். இந்த முறையில் தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு மருந்து பலன் தந்ததை 2018இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. சாதாரணச் சிடி இந்தக் கணக்கைச் சொல்லாது. சாயம் செலுத்தி ரத்த ஓட்டத்தை அளக்கும் சிடி முறை ஒன்று இருக்கிறது, எம்ஆர்ஐ கைவசம் இல்லாத இடங்களில் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

தலையை விட்டுக் கொஞ்சம் கீழே வந்தால், இரண்டு கால்களும் ஒன்றாக விழுந்து சிறுநீரும் வரவில்லை என்றால் பிரச்சினை முதுகுத் தண்டில் இருக்கலாம். அங்கே அவசரத்திலும் எம்ஆர்ஐதான் முதல் தேர்வு. தண்டு நசுங்கியிருப்பதைச் சிடி சரியாகக் காட்டாது.

சிடி எதைத் தவறவிடும்? வீட்டுக்கு அனுப்பிய பிறகு பயமாக இருக்கிறது.

நியாயமான பயம். எனக்குத் தெரிந்து நான்கு இடங்களில் கவனமாக இருக்க வேண்டும்.

முதலாவது, தலையின் பின்பகுதி. சிறுமூளையும் மூளைத்தண்டும் கெட்டியான காதெலும்புகளுக்கு நடுவில் இருக்கின்றன. அந்த எலும்புகள் எக்ஸ்ரேயை அதிகமாக விழுங்குவதால் படத்தில் குறுக்கே பட்டைகள் விழுந்து நடுவில் உள்ளதை மறைக்கும். திடீர் தலைசுற்றல், நிற்கவே முடியாத தள்ளாட்டம், இரட்டையாகத் தெரிவது என்று வந்தவருக்குச் சிடி நார்மல் என்பது ஆறுதல் அல்ல. இவர்களுக்கு எம்ஆர்ஐ வேண்டும்.

இரண்டாவது, பழைய ரத்தம். வெள்ளையாக இருந்த கசிவு நாளாக நாளாகக் கரைந்து எண் இறங்கும். ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் அது மூளையின் அதே சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். முதியவர் ஒருவர் மூன்று வாரத்துக்கு முன்பு லேசாக வழுக்கி விழுந்தார், இப்போது தடுமாறுகிறார், மறதி வந்திருக்கிறது. மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் தேங்கிய ரத்தம் படத்தில் மூளையோடு மூளையாகக் கலந்து நிற்கும். மூளையின் மடிப்புகள் எலும்பைத் தொடாமல் உள்ளே தள்ளப்பட்டிருக்கின்றனவா, நடுக்கோடு நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் தேங்கியிருந்தால் நடுக்கோடும் நகராது. விழுந்ததைச் சொல்லாமல் மறதியை மட்டும் சொன்னால் படம் படிப்பவர் அதைத் தேடாமல் போகலாம்.

மூன்றாவது, கடுமையான ரத்தசோகை. சிவப்பணு குறைவாக இருந்தால் புதிய கசிவும் போதிய அளவு வெளுக்காது.

நான்காவது, வாழ்க்கையிலேயே இல்லாத திடீர்த் தலைவலியோடு வருபவர். மூளையின் மேற்பரப்பில் உள்ள குழாய் வீங்கி வெடித்ததா என்பது கேள்வி. தலைவலி தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள் நல்ல கருவியில் எடுத்த சிடி சுத்தமாக இருந்தால் ஏறக்குறைய நம்பலாம். நேரம் கடக்கக் கடக்க மூளையைச் சுற்றியுள்ள நீர் அந்த ரத்தத்தைக் கழுவிக்கொண்டுபோகும். இரண்டு நாள் பொறுத்து வந்தவருக்குச் சிடி நார்மல் என்றால் அத்தோடு விடக் கூடாது. முதுகில் நீர் எடுத்துப் பார்ப்பது அல்லது ரத்தக்குழாய் படம் எடுப்பது தேவைப்படும்.

தலையில் அடிபட்டவருக்கும் சிடிதானா?

ஆமாம், அங்கே இன்னும் தெளிவாகச் சிடிதான். எலும்பு முறிவு, மண்டைக்குள் புகுந்த காற்று, அறுவை தேவைப்படும் ரத்தத் தேக்கம் மூன்றையும் ஒரே படத்தில் காட்டும். நாலைந்து நாள் கழித்தும் கண் திறக்கவில்லை, ஆனால் சிடியில் பெரிதாக ஒன்றும் இல்லை என்ற நிலையில் எம்ஆர்ஐ எடுப்பார்கள். நரம்பிழைகள் அறுந்துபோன இடங்களில் உள்ள சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகளை அதுதான் காட்டும்.

கதிர்வீச்சு இருக்கிறதே. கர்ப்பிணிக்கு எடுக்கலாமா?

தலைச் சிடி ஒன்றில் சுமார் 2 மில்லிசீவர்ட். இயற்கையாகவே ஒருவருக்கு ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு கிடைக்கிறது. பக்கவாதச் சந்தேகத்தில் இந்த அளவைக் காரணம் காட்டித் தாமதிப்பது தவறு. கர்ப்பிணிக்கும் அப்படியே. எக்ஸ்ரே தலையில்தான் விழுகிறது, குழந்தைக்குப் போய்ச் சேருவது மிக மிகக் குறைவு. தேவையில்லாமல் திரும்பத் திரும்ப எடுப்பதையும், சின்னக் குழந்தைகளுக்கு யோசிக்காமல் எடுப்பதையும்தான் தவிர்க்க வேண்டும்.

முதல் நாள் சிடி எடுத்தாயிற்று. அப்புறமும் சிடி, எம்ஆர்ஐ இரண்டையும் எழுதுகிறார்களே, வீண் செலவா?

கரைக்கும் மருந்து ஏற்றியவருக்கு 24 மணி நேரம் கழித்து இன்னொரு படம் கட்டாயம். மருந்தினால் கசிவு வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே ஆஸ்பிரின் போன்ற மாத்திரையைத் தொடங்குவார்கள். அந்தப் படம் சிடியாகவும் இருக்கலாம், எம்ஆர்ஐயாகவும் இருக்கலாம்.

எம்ஆர்ஐ கேட்பது வேறு காரணத்துக்காக. மேலே சொன்ன பெண்மணிக்கு மறுநாள் எம்ஆர்ஐ எடுத்தால், காப்பாற்றியது போக எவ்வளவு இழந்தோம் என்று தெரியும். அதைவிட முக்கியம், எங்கெங்கே என்பது. ஒரே தமனியின் பகுதியில் மட்டும் புள்ளிகள் இருந்தால் கழுத்துக் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டு பக்கமும், முன்னும் பின்னுமாகச் சிதறியிருந்தால் இதயத்திலிருந்து உறைந்த ரத்தம் பறந்து வந்திருக்கலாம், இதயத் துடிப்பைப் பல நாள் பதிவு செய்து பார்க்க வேண்டும். இரண்டுக்கும் மாத்திரை வேறு. இரண்டாவது பக்கவாதத்தைத் தடுப்பது இந்தத் தீர்மானத்தில்தான் இருக்கிறது. இப்போது நோயாளியின் நிலையும் சீராகியிருக்கும், உலோகம் பற்றிய விவரமும் விசாரித்து வைத்திருப்பார்கள், அரை மணி நேரம் காந்தத்துக்குள் படுக்க முடியும்.

கூட வந்தவர்கள் என்ன சொன்னால் இந்த வேலை சீக்கிரம் நடக்கும்?

நன்றாக இருந்ததை யார், எத்தனை மணிக்குக் கடைசியாகப் பார்த்தார்கள் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். "காலையிலிருந்து" என்று சொன்னால் மருத்துவரால் எதுவும் தீர்மானிக்க முடியாது. "8.50க்குப் பேசினார்" என்றால் முடியும். அடுத்து, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை உண்டா, கடைசி வேளை எப்போது. பெயர் தெரியாவிட்டால் மாத்திரை அட்டையையே எடுத்து வாருங்கள். சமீபத்தில் அறுவை சிகிச்சை, விழுந்தது, வயிற்றில் ரத்தக்கசிவு ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

அப்புறம் உலோகம். பேஸ்மேக்கர், மூளை அல்லது காது அறுவையில் வைத்த பொருள், உடலில் தங்கிய குண்டுத் துகள், உலோகம் அரைக்கும் வேலையில் எப்போதாவது கண்ணில் துகள் பட்டது, இவற்றைச் சிடிக்குப் போகும் வழியிலேயே சொல்லிவிடுங்கள். சிடிக்கு அது தேவையில்லை. அடுத்த படம் எம்ஆர்ஐயாக இருந்தால் அந்தத் தகவலுக்காக யாரும் காத்திருக்க வேண்டியிருக்காது.